ரங்கூன் செட்டியார் வழக்கும் புத்ராஜெயா தீர்ப்பும்: மோசடியை எந்தத் தராசில் நிறுப்பது?

2019 மார்ச் மாதம் எங்கள் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் வேதிக் கழிவு கொட்டப்பட்டதும், 111 பள்ளிகள் மூடப்பட்டதும், ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலோடு சிகிச்சைக்குச் சென்றதும் இவ்வட்டார மக்களுக்கு மறக்கக்கூடியவை அல்ல. அந்நிகழ்வின் தொடர்பில் சிலர் ஜொகூர் பாரு செஷன்ஸ் நீதிமன்றத்தில் 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ்க் குற்றஞ்சாட்டப்பட்டனர். பின்னர்ப் பாதிக்கப்பட்ட குடியிருப்பாளர்கள் இழப்பீடு கோரி உரிமையியல் வழக்கும் தொடுத்தனர். ஆறு ஒன்று, கழிவு ஒன்று, வழக்கோ இரண்டு. "ஒரு நீதிமன்றம் குற்றவாளி இல்லை என்று சொல்லிவிட்டால், இன்னொரு நீதிமன்றம் எப்படிப் பணம் கட்டச் சொல்ல முடியும்?" என்ற கேள்வியைப் பெற்றோர்கள் அப்போது கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அதற்குரிய விடையைச் சட்டம் பயிலும் முதலாண்டு மாணவரும் கூறிவிடுவார். குற்றவியல் வழக்கில் நியாயமான ஐயத்திற்கு அப்பாற்பட்ட நிரூபணம் வேண்டும். உரிமையியல் வழக்கில் எது நடந்திருக்க அதிக வாய்ப்புண்டு என்று காட்டினால் போதும். இருவேறு தராசுகள் ஆகையால் இருவேறு முடிவுகள் வரலாம். அவற்றுள் முரண்பாடு இல்லை. ஆனால், இந்த விடையோடு விவகாரம் முடிந்துவிடுவதில்லை. பணத்துக்காகவோ நிலத்துக்காகவோ தொடுக்கப்பட்ட உரிமையியல் வழக்கொன்றில் ஒருவர் மற்றவரைப் பார்த்து "நீ மோசடி செய்தாய்" என்று குற்றஞ்சாட்டினால் எந்தத் தராசை எடுப்பது? மோசடி ஒரு குற்றமாயிற்றே! இந்த ஒரு கேள்விக்கு விடை காண மலேசியாவுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றின் தொடக்கத்திலும் முடிவிலும் தமிழ்ப் பெயர்கள் நிற்பதால், அதைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் தராசுகளைப் பற்றிச் சில சொற்கள். நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டம், 1872-இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் இந்தியாவுக்காக வரைந்த சான்றுச் சட்டத்தின் வழிவந்தது. அதன் 3-ஆம் பிரிவு 'நிரூபணம்' என்பதற்கு ஒரே ஓர் இலக்கணத்தைத்தான் தருகிறது. ஒரு செய்தி உண்மை என்று நீதிமன்றம் நம்ப வேண்டும். அல்லது விவேகமுள்ள ஒருவர் அதை உண்மையெனக் கொண்டு செயற்படத் தக்க அளவுக்கு அது நிகழ்ந்திருக்கக்கூடியது எனக் கருத வேண்டும். குற்றவியல், உரிமையியல் என்ற பாகுபாடே அவ்விலக்கணத்தில் இல்லை. பாகுபாட்டை உருவாக்கியவர்கள் நீதிபதிகள். 1935-இல் உல்மிங்டன் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, குற்றத்தை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கும் கடமை அரசுத் தரப்பினுடையதே என்று உறுதிப்படுத்தியது. 1947-இல் மில்லர் என்பவரின் ஓய்வூதிய வழக்கில் டென்னிங் இரு அளவுகளையும் அருகருகே வைத்து விளக்கினார். குற்றவியல் நிரூபணம் முழு உறுதியை எட்ட வேண்டியதில்லை. ஆனால் மிக உயர்ந்த நம்பகத்தைத் தொட வேண்டும். எட்டாக் கற்பனையான ஒரு வாய்ப்பு மட்டுமே எதிரே மிஞ்சினால் குற்றம் நிரூபணமாகிவிட்டது. உரிமையியலில், 'நடக்காமல் இருந்ததைவிட நடந்திருக்கவே அதிக வாய்ப்பு' என்ற நிலையை எட்டினால் போதும். (நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 'நியாயமான ஐயம்' என்ற தொடர் பிற்காலத்தில் எழுத்து வடிவிலேயே இடம்பெற்றுவிட்டது.)

இவ்விடத்தில் மொழியாசிரியனாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த உரிமையியல் அளவைத் தமிழில் 'நிகழ்தகவுகளின் சமநிலை' என்று எழுதுவதைக் காண்கிறோம். இது படிப்பவரை நேர்எதிர்த் திசையில் கொண்டு செல்லும் மொழிபெயர்ப்பு. மூலச் சொல் குறிப்பது சமனாக இருத்தலை அன்று, தராசை. தட்டுகள் சமமாக நின்றால் வழக்குத் தொடுத்தவர் தோற்றுவிடுவார். தட்டு அவர் பக்கம் சற்றேனும் சாய வேண்டும். ஆகவே இக்கட்டுரையில் அதனைத் 'தராசுச் சாய்வு' என்றே வழங்குகிறேன்.

சாய்வு என்றவுடன், இரு கதைகளில் சற்று நம்பத்தகுந்ததைத் தேர்ந்தெடுப்பதுதான் நீதிபதியின் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. துறைமுக நகரத்துவாசிகளுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு வழக்கு இதற்குச் சான்று. 1976 ஆகஸ்டு மாதம், 'போப்பி எம்' என்னும் பழைய சரக்குக் கப்பல் சர்க்கரை ஏற்றிக்கொண்டு மத்தியதரைக் கடலில் அல்ஜீரியக் கரைக்கு அப்பால் சென்றுகொண்டிருந்தது. பகல் நேரம், அமைதியான கடல். திடீரெனப் பக்கத் தகட்டில் ஓட்டை விழுந்து, இயந்திர அறைக்குள் நீர் புகுந்து கப்பல் மூழ்கியது. ஆழ்கடல் ஆதலால் யாரும் இறங்கிச் சோதிக்க இயலவில்லை. காப்புறுதித் தொகை கோரிய உரிமையாளர்கள், கண்ணுக்குத் தெரியாத நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று நீருக்கடியில் மோதியிருக்க வேண்டும் என்றனர். காப்புறுதியாளர்களோ, கப்பல் தேய்ந்து உளுத்துப்போனதே காரணம் என்றனர். விசாரணை நீதிபதி நீர்மூழ்கிக் கதையை மிகவும் நம்பத்தகாதது என்றே கருதினார். எனினும் தேய்மானக் கதை அதனினும் நம்பத்தகாதது என்று எண்ணியதால், எஞ்சிய நீர்மூழ்கியை ஏற்றுத் தீர்ப்பளித்தார்.

1985-இல் பிரபுக்கள் சபை அதனைத் தள்ளியது. நீதிபதிக்கு மூன்றாவது வழியொன்று எப்போதும் திறந்திருக்கிறது: 'நிரூபிக்கும் பொறுப்புடையவர் நிரூபிக்கவில்லை' என்று சொல்லும் வழி. நம் சான்றுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவும் இதைத்தான் வேறு சொற்களில் வைத்திருக்கிறது. நிரூபணமானது, பொய்ப்பிக்கப்பட்டது ஆகிய இரண்டுடன், இரண்டுமல்லாத 'நிரூபிக்கப்படாதது' என்ற மூன்றாம் நிலையும் அங்கே உண்டு. எனவே எளிய தராசு என்பது மலிவான தராசு அன்று. இதை மனத்தில் இருத்திக்கொண்டு இரங்கூனுக்குப் போவோம்.

1930-களின் பொருளாதார வீழ்ச்சியின்போது, நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடைகள் பர்மாவில் பரவியிருந்தன. நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட இயலவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் செட்டியார்களின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் ஏறத்தாழ 6 விழுக்காட்டு நிலம் அவர்களிடம் இருந்தது. 1938-இல் அது சுமார் 25 விழுக்காடாக உயர்ந்தது. கடன், ஈடு, திவால், சொத்து மாற்றம் ஆகியன நிறைந்த அக்காலத்தில் நீதிமன்றங்களில் வழக்குகளுக்குக் குறைவிருக்குமா? அவற்றுள் ஒன்று நாராயணன் செட்டியாருக்கும், திவாலானவர்களின் சொத்துகளைப் பொறுப்பேற்கும் இரங்கூன் உயர் நீதிமன்ற அதிகாரிக்கும் இடையே நடந்தது. வழக்கு இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1941-ஆம் ஆண்டுத் தொகுப்பில் தீர்ப்பு வெளியாயிற்று. வழக்கில் மோசடிக் குற்றச்சாட்டு எழுந்திருந்தது. மோசடி என்பது குற்றச் செயலைச் சாட்டுவது; ஆகவே அது குற்றவியல் வழக்கில் எழுந்தாலும் உரிமையியல் வழக்கில் எழுந்தாலும் நியாயமான ஐயத்திற்கு அப்பால் நிரூபிக்கப்பட வேண்டும்; சந்தேகமும் ஊகமும் போதா என்பது கவுன்சில் வகுத்த நெறி.

நெறியின் பின்னணியில் இருந்த அக்கறையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. வட்டிக்கடைக்காரருக்கு முதல் என்பது நாணயமே. ஒரு நீதிபதி அவரை மோசக்காரர் என்று எழுதிவிட்டால், சிறைக்குச் செல்லாவிட்டாலும் அவருடைய தொழில் முடிந்தது. கடன்காரர்களின் வெறுப்பைச் சுமந்துகொண்டிருந்த ஒரு சமூகத்தாருக்கு, வெறும் சந்தேகத்தின் பேரில் அப்பழி விழாதிருக்க உயர்ந்த அளவு ஓர் அரணாக இருந்தது. அந்த ஒரு வழக்கின் அளவில் பார்த்தால் எனக்கு இந்நெறியில் பெரிய குறை தெரியவில்லை. குறை, அது வேறு மண்ணில் நடப்பட்டு, வேறு வகை மனிதர்கள் மீது ஏவப்பட்டபோதுதான் தெரியவந்தது.

அக்காலத்தில் பிரிவி கவுன்சில் மலாயாவுக்கும் இறுதி மன்றம். மலேசியாவிலிருந்து உரிமையியல் மேல்முறையீடுகள் அங்கே செல்வது 1985 தொடக்கத்தில்தான் நின்றது. இரங்கூன் நெறி நம் தீர்ப்புகளுக்குள் இயல்பாகவே நுழைந்தது. 1981-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் வெளியான சாமிநாதன் – பாப்பா வழக்கிலும் பிரிவி கவுன்சில் அதே உயர்ந்த அளவையே கூறியதாக நம் நீதிமன்றங்கள் தொடர்ந்து எடுத்தாண்டன.

இதற்கிடையில், இந்நெறி பிறந்த இங்கிலாந்திலேயே காற்று மாறிவிட்டிருந்தது. 1956-இல் ஹார்னல் என்பவர் ஒரு பழைய கடைசல் இயந்திரத்தை வாங்கிய வழக்கு அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. "இந்த இயந்திரம் இன்ன நிறுவனத்தாரால் புதுப்பிக்கப்பட்டது" என்று விற்ற நிறுவனத்தின் இயக்குநர் சொன்னதாக ஹார்னல் கூறினார். இயந்திரம் அவ்வாறு புதுப்பிக்கப்பட்டிருக்கவில்லை. இயக்குநர் அவ்வார்த்தையைச் சொன்னாரா, இல்லையா என்பது மட்டுமே கேள்வி. சொல்லியிருந்தால் அது பொய் என்பதும், பொய்யென்று அறிந்தே சொன்னார் என்பதும் தானே விளங்கும். ஹார்னல் இரண்டு வழிகளில் வழக்காடினார்: ஒன்று ஒப்பந்த உறுதிமொழி மீறல், மற்றொன்று மோசடி.

விசாரணை நீதிபதி கூறியதைக் கவனியுங்கள். தராசுச் சாய்வின்படி பார்த்தால், அவ்வார்த்தை சொல்லப்பட்டது என்பது தமக்கு ஏற்புடையது. குற்றவியல் அளவின்படி பார்த்தால், தம்மால் அவ்வாறு உறுதி கூற இயலாது. அதே சாட்சிகள், அதே உரையாடல், அதே நீதிபதி. உயர்ந்த அளவைக் கைக்கொண்டால், ஒரே தீர்ப்பில் ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை இயக்குநர் அதைச் சொன்னார் என்றும், மோசடியைப் பொறுத்தவரை அதைச் சொல்லவேயில்லை என்றும் எழுத வேண்டியிருக்கும். மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த விநோதத்தை ஏற்க மறுத்து, உரிமையியல் வழக்கில் மோசடிக்கும் உரிமையியல் அளவே போதும் என்று தீர்த்தது. இரு அளவுகளுக்கும் இடையே உள்ள தூரம் சொல்லளவிலானது அன்று, வழக்கின் முடிவையே மாற்றக்கூடியது என்பதைக் காட்ட இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

இந்தியாவும் காத்திருக்கவில்லை. 1966-இல் குலாப்சந்து – குடிலால் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், சான்றுச் சட்டத்தின் இலக்கணம் ஒன்றே என்பதைச் சுட்டி, உரிமையியல் வழக்கில் மோசடிக்கும் சாய்வே போதும் என்றது. அதே ஸ்டீபன் வரைந்த அதே 3-ஆம் பிரிவைத்தான் நாமும் வைத்திருந்தோம். ஆனாலும் மலேசியாவில் இரங்கூன் நெறி இன்னும் அரை நூற்றாண்டு உயிர்வாழ்ந்தது.

நிலத்தகராறுகளில்தான் இதன் விளைவு கடுமையாக இருந்தது. 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின் 340-ஆம் பிரிவின்படி, பதிவாகிவிட்ட நில உரிமையை எளிதில் அசைக்க இயலாது. அசைக்கக்கூடிய காரணங்களுள் மோசடி ஒன்று. பத்திரம் போலியாக இருத்தல் இன்னொன்று. இரண்டும் அண்டை வீட்டார் போன்றவை. ஆனால் எந்தக் காரணத்தைச் சொல்லி வழக்குத் தொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து எந்தத் தராசு என்ற சிக்கல் எழுந்தது.

பூன்சோம் பூன்யானிட் வழக்கு மலேசிய நிலச் சட்டத்தில் புகழ்பெற்றது. நல்ல காரணத்துக்காக அன்று. இவர் தாய்லாந்தில் வாழ்ந்த ஒரு பெண்மணி. பினாங்கில் தஞ்சோங் பூங்கா என்னும் கடலோரப் பகுதியில் இவருக்கு நிலம் இருந்தது. 1988-இல், தம்மையே அந்த நிலத்தின் உரிமையாளர் என்று சொல்லிக்கொண்ட வேறொரு பெண், நிலப்பட்டா தொலைந்துவிட்டதாகச் சத்தியப் பிரமாணம் செய்து மாற்றுப் பட்டா பெற்றார். பெயரில் இருந்த வேறுபாட்டுக்கு மற்றொரு பிரமாணம். பிறகு நிலம் அடோர்னா என்னும் நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, 1989 மே மாதத்தில் உரிமை மாற்றம் பதிவாயிற்று. உண்மையான உரிமையாளர் நீதிமன்றம் சென்றார். "கையெழுத்து என்னுடையது அன்று" என்று காட்டுவது அவர் பொறுப்பு.

உயர் நீதிமன்றம் அவரிடம் நியாயமான ஐயத்திற்கு அப்பாற்பட்ட நிரூபணத்தைக் கேட்டது; அவர் அதை எட்டவில்லை என்று தீர்த்தது. தாம் கையொப்பமிடாத ஒன்றைத் தாம் கையொப்பமிடவில்லை என்று, ஒரு கொலைக் குற்றத்தை மெய்ப்பிக்கும் அரசு வழக்கறிஞரின் அளவுக்கு அவர் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது! 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தவறான தராசு எடுக்கப்பட்டது என்றது. உரிமையியல் வழக்கில் போலிக் கையெழுத்துக்குச் சாய்வே அளவு. அந்த அளவில் போலி நிரூபணமாகிவிட்டது. நிலம் அவருக்கே என்று தீர்ப்பாயிற்று.

2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது பூன்சோம் உயிரோடில்லை. அவ்வாண்டிலேயே முன்னதாக இறந்துவிட்டிருந்தார். அளவைப் பொறுத்தவரை அவர் பக்கமே சரி என்று கூட்டரசு நீதிமன்றமும் சொன்னது. ஆனால் நிலத்தைத் தரவில்லை! நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவருக்கு 340-ஆம் பிரிவின் ஒரு விதிவிலக்கு உடனடிப் பாதுகாப்புத் தருகிறது என்று கூறி, நிறுவனத்துக்கே உரிமையை உறுதி செய்தது. அந்த விளக்கம் பிழையானது என்று 2010 ஜனவரியில், தான் யிங் ஹோங் வழக்கில் அதே நீதிமன்றம் அறிவித்தது. நிரூபண அளவைப் பற்றிய வாதத்தில் வென்று நிலத்தை இழந்த அவருக்கு அதனால் பயனேதும் விளையவில்லை.

இப்போது நிலைமையைப் பாருங்கள். போலிக் கையெழுத்து என்றால் சாய்வு. மோசடி என்றால் ஐயத்திற்கு அப்பால். கள்ளக் கையெழுத்திடுவது தண்டனைச் சட்டத்தில் குற்றமில்லையா? குற்றம்தான். அப்படியானால் 'குற்றச் செயலைச் சாட்டுவதால் உயர்ந்த அளவு' என்ற இரங்கூன் காரணம் இங்கே ஏன் பொருந்தவில்லை? "இது யாருடைய கையெழுத்து என்பதைத்தான் கேட்கிறோம், யார் மோசக்காரர் என்பதை அன்று" என்று ஒரு சமாதானம் கூறலாம். எனக்கு அது முழு நிறைவளிக்கும் சமாதானமாகத் தோன்றவில்லை.

1997-இல் ஆங் ஹியோக் செங் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் ஒரு நடுவழியைத் தேடியது. குற்றத் தன்மையுடைய மோசடி — சதி, நம்பிக்கை மோசடி போன்றவை — என்றால் உயர்ந்த அளவு. முற்றிலும் உரிமையியல் தன்மையுடைய மோசடி என்றால் சாய்வு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எது எந்த வகை என்று விசாரணை தொடங்கும்போதே எவ்வாறு பிரிப்பது? ஒருவர் இன்னொருவரை ஏமாற்றிப் பணம் பறித்தார் என்னும் எந்தக் குற்றச்சாட்டுக்குத்தான் குற்றத் தன்மை இல்லை? 2005-இல் யோங் திம் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் மீண்டும் பழைய பாதைக்கே திரும்பி, உரிமையியலிலும் மோசடி ஐயத்திற்கு அப்பால் நிரூபிக்கப்பட வேண்டும் என்றது.

இது யாரைத் தாக்கியது என்பதைக் காட்ட ஒரு கற்பனை வழக்கைச் சொல்கிறேன். தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தில் சிறு நிலம் வாங்கிய எழுத்தறிவில்லாத ஒரு பாட்டி. "நிலவரிப் பாரத்தில் கைரேகை வைக்க வேண்டும்" என்று உறவுக்காரப் பையன் கூட்டிச் செல்கிறான். ஆண்டுகள் கழித்து, நிலம் 80,000 ரிங்கிட்டுக்கு அவனுக்கு விற்கப்பட்டதாகப் பதிவிருப்பது தெரியவருகிறது. பாட்டியின் வங்கிக் கணக்கில் அத்தொகை வந்ததற்குத் தடயம் இல்லை. பையனின் கணக்கிலிருந்து அத்தொகை வெளியேறியதற்கும் தடயம் இல்லை. ரொக்கமாகக் கொடுத்தேன் என்கிறான். ரேகைக்குச் சாட்சியாக நின்ற அலுவலக எழுத்தருக்கு எதுவும் நினைவில்லை. தராசுச் சாய்வில் வைத்தால், பணம் கொடுக்கப்படவில்லை என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று ஒரு நீதிபதி கருத இடமுண்டு. உயர்ந்த அளவில் வைத்தால்? ரொக்கமாகக் கொடுத்திருக்கலாம், பாட்டி அதை வீட்டில் வைத்துச் செலவழித்திருக்கலாம், அப்படி நடந்திருக்கவே முடியாது என்று யாரால் சொல்ல இயலும்? அந்த ஒரு 'கலாம்' போதும், வழக்குத் தள்ளுபடியாகிவிடும்.

அரசு வழக்கறிஞருக்குப் பின்னால் காவல் துறை நிற்கிறது. அது வீட்டைச் சோதனையிடலாம், ஆவணங்களைப் பறிமுதல் செய்யலாம், வாக்குமூலம் வாங்கலாம். பாட்டிக்கு அவற்றுள் எதுவும் இல்லை. எதிரே நிற்பவருக்கோ சிறையின் அச்சம் இல்லை. திருப்பித் தர வேண்டியது நிலத்தைத்தான். ஆக, அரசின் சுமை முழுவதும் அரசின் கருவிகள் இன்றி ஒரு தனிமனிதர் தோளில் ஏற்றப்பட்டது. 1941-இல் பழிச்சொல்லுக்கு எதிரான அரணாக இருந்தது, இங்கே ஏமாற்றியவருக்கு அரணாகிவிட்டது.

உலகின் பிற மன்றங்கள் இதற்குள் ஒரு திசையில் சேர்ந்துவிட்டிருந்தன. 2008-இல் குழந்தைப் பாதுகாப்புத் தொடர்பான ஒரு வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, உரிமையியலில் அளவு ஒன்றே ஒன்றுதான் என்று தெளிவாக்கியது. குற்றச்சாட்டின் கடுமையோ, விளைவின் கடுமையோ அளவை உயர்த்தா. அதே ஆண்டு கனடாவின் உச்ச நீதிமன்றமும் மெக்டூகல் வழக்கில் அதே முடிவுக்கு வந்தது.

கடுமையான குற்றச்சாட்டுக்கு வலுவான சாட்சி தேவைப்படுவது வேறு காரணத்தால். பாசிர் கூடாங் துறைமுகக் கிடங்கருகே புலியைப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் நாய் என்றுதான் எண்ணுவோம். நம்ப வைக்க நிழற்படமாவது வேண்டும். எண்டாவ் ரொம்பின் காட்டு விளிம்பில் பார்த்தேன் என்றால், காலடித் தடமே போதுமானதாக இருக்கலாம். இரண்டிலும் கேட்கப்படும் அளவு ஒன்றுதான்: புலியாக இருக்க அதிக வாய்ப்பா? மாறுவது தொடக்கத்தில் உள்ள வாய்ப்பே. அதுபோல, நாணயமாக நாற்பது ஆண்டு தொழில் செய்தவர் மோசடி செய்தார் என்று காட்டச் சாட்சி வலுவாக இருக்க வேண்டும். முன்பே கணக்கைத் திருத்திப் பிடிபட்டவர் என்றால் அவ்வளவு வேண்டியதில்லை. நாராயணன் செட்டியார் வழக்கில் இருந்த நியாயமான அக்கறையை இந்த எளிய தராசும் காக்கிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சந்தேகமும் ஊகமும் இந்தத் தராசிலும் எடையற்றவையே.

2015-இல், சின்னையா அண்டு சன்ஸ் நிறுவனத்துக்கும் டாமாய் செத்தியா நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் புத்ராஜெயாவில் கூட்டரசு நீதிமன்றம் பழைய நெறியை இறுதியாகக் கைவிட்டது. 2008-ஆம் ஆண்டின் அந்த இங்கிலாந்துத் தீர்ப்பின் காரணங்களை ஏற்றுக்கொண்டு, உரிமையியல் வழக்கில் மோசடி உட்பட எதற்கும் ஒரே அளவுதான், அது தராசுச் சாய்வுதான் என்று அறிவித்தது. 2017-இல் லெட்சுமணன் செட்டியார் அழகப்பன் பெயரில் வந்த வழக்கில், காலமான ஓர் ஆச்சியின் சொத்தில் போலிப் பத்திரம் பற்றிய கேள்வி எழுந்தபோது, போலிக்கும் அதே அளவு என்று கூட்டரசு நீதிமன்றம் மறுபடியும் உறுதிப்படுத்தியது. ஒரு செட்டியார் வழக்கில் தொடங்கியது இன்னொரு செட்டியார் வழக்கில் வந்து நின்றது தற்செயலே. ஆனால் கடல் கடந்த தமிழர்கள் கடனிலும் நிலத்திலும் எவ்வளவு காலம் வழக்காடியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவும் ஒரு குறிப்பு.

சின்னையா தீர்ப்பில் ஒரு பத்தி மட்டும் அதிகம் பேசப்படுவதில்லை. புதிய அளவு அந்த வழக்குக்கும் இனி வரும் வழக்குகளுக்குமே பொருந்தும்; பழைய மோசடித் தீர்ப்புகளைத் தள்ளவோ மறு ஆய்வு செய்யவோ அதைப் பயன்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் அதில் வரையறுத்தது. எந்த வழக்கும் என்றேனும் முடிந்தாக வேண்டும் என்பதால் இதற்குக் காரணம் உண்டு. ஆயினும் 2015-க்கு முன், தட்டு தம் பக்கம் சாய்ந்திருந்தும் ஐயத்தைத் தாண்ட இயலாமல் மோசடி வழக்கில் தோற்றவர்களின் நிலங்கள், அன்று யார் பெயரில் பதிவாயினவோ அவர்கள் கணக்கிலேயே நிற்கின்றன.